டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வீட்டு நேரசூசி

வெஸ்ட் ஈலிங்கில் ஒற்றை அறையில் இருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுப்பம். மகன் 10ஆம் ஆண்டு. வாசிப்பு, எழுத்துக்கூட்டல் இரண்டிலும் டிஸ்லெக்சியா என்று பாடசாலை சொல்லிவிட்டது. தாய் பின்னேரம் 5 மணியிலிருந்து 7 மணி வரை ஒரே இருப்பில் இருத்திப் படிப்பிக்கிறா. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவன் அதே வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது சோம்பல் இல்லை. எழுத்தைப் பிரித்து வாசிக்கவே அவனுடைய சக்தி முடிந்துபோகுது.

அந்த இரண்டு மணித்தியாலத்தை 20 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கோ. இடையில் 10 நிமிடம் எழும்பி நடக்கட்டும். முதல் துண்டு கேட்பதற்கு. டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கரோல்' பாடநூல் என்றால், லிப்ரிவொக்ஸ் இணையத்தளத்தில் அதன் ஒலிப்பதிவு இலவசம். இயர்போனைப் போட்டு, புத்தகத்தையும் திறந்து வைத்து, குரலோடு சேர்த்து விரலால் வரியைத் தொடர வேணும். புத்தகமில்லாமல் கேட்டால் கதை விளங்கும், ஆனால் சொற்கள் கண்ணுக்குப் பழகாது. இரண்டாம் துண்டில் புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைத் தாய்க்குத் தமிழில் சொல்லட்டும். பிறகு மூன்று குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். மூன்றாவது கணக்கு. 12 நிமிடத்திலேயே களைத்தால் துண்டை 15 ஆக்குங்கோ, கூட்ட வேண்டாம்.

சனிக்கிழமை மேலதிக நேரப் பயிற்சி. ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் வழக்கமாகக் கிடைப்பது 25 வீதம். 90 நிமிடத் தாளுக்கு 22 நிமிடம் மட்டில் கூடும். வீட்டில் பழைய கணக்குத் தாளில் பாதியைக் கொடுத்து, 45 நிமிடம் நீலப் பேனையால் எழுதவிடுங்கோ. நேரம் முடிந்ததும் ஒரு கோடு போட்டு, மிச்ச 11 நிமிடமும் பச்சைப் பேனையால் எழுதட்டும். பச்சையில் புள்ளி கூடினால் மேலதிக நேரம் உதவுது என்று தெரியும். கூடாவிட்டால் பிரச்சினை நேரமில்லை, கேள்வி விளங்காததாக இருக்கலாம். அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டிப் பாருங்கோ. அதில் புள்ளி ஏறினால் அவனுக்கு வேண்டியது வாசிப்பு உதவி.

இந்தத் தாள்களை எறியாமல், பாடசாலையில் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் (சென்கோ என்பினம்) கொண்டுபோய்க் காட்டுங்கோ. மேலதிக நேரத்துக்கு விண்ணப்பிப்பது பாடசாலைதான். அதற்கு அவர்களே சோதனை செய்ய வேணும், வகுப்பிலும் பிள்ளை வழக்கமாக அப்படித்தான் எழுதுகிறான் என்று காட்டவும் வேணும். வெளியில் காசு கட்டி எடுத்த அறிக்கை மட்டும் காணாது. ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதும் தனிக் காரணமாகாது. அதனால் ஊரில் தமிழ் வாசிக்கவும் அவன் கஷ்டப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. வெட்கப்பட்டு மறைக்கிற பெற்றோர் கனபேர்.

இன்னொன்று. ஆங்கில மொழிப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் ஆள் வாசித்துக்காட்ட விடமாட்டார்கள். கணினிக் குரலோ பரீட்சைக்கான வாசிப்புப் பேனையோ பாவிக்கலாம். எந்தப் பேனை என்று பாடசாலையில் கேட்டு, அதையே முன்கூட்டிப் பழக்கிவிடுங்கோ.