மூன்று சீட்டும் ஒரு கேள்வியும்

கேள்வி: கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். புதிதாக ஒருவரைக் காதலிக்கிறேன். படிப்பு, காதல், நேரம் என்று மூன்று டாரட் சீட்டு வைத்தேன். எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ், டூ ஆஃப் கப்ஸ், தலைகீழாக டூ ஆஃப் பென்டகிள்ஸ் வந்தன. காதலை விடச் சொல்கிறதா?

பதில்: இல்லை தம்பி. 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் சீட்டுகளையே எடுத்துக்கொள்கிறேன். முதல் சீட்டில் ஒருவன் பலகையில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக நாணயம் செதுக்குகிறான். ஊர் தூரத்தில் இருக்கிறது. அவன் கையில் இருப்பது ஒரே ஒரு நாணயம். இரண்டாவதில் இருவர் நேருக்கு நேர் பார்த்துக் கோப்பை நீட்டுகிறார்கள். அங்கேயும் பார்வை சிதறவில்லை. ஆக, படிப்பும் காதலும் மோதவில்லை.

சிக்கல் மூன்றாவதில்தான். இரண்டு நாணயத்தை மாற்றி மாற்றி ஆட்டும் இளைஞன் தலைகீழாக வந்தால், ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்கப் பார்த்து கை தவறுகிறது என்று படிப்போம். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே அவருக்குப் பதில் அனுப்புகிறீர்களா? ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்களா? அப்படியென்றால் சீட்டு சொல்வது அதைத்தான்.

நூலகத்தில் இருக்கும்வரை போனைப் பையில் போடுங்கள். எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தக் காதல் எத்தனை நாள் நிலைக்கும் என்று மட்டும் சீட்டிடம் கேட்காதீர்கள், அதற்கு இந்த மூன்றில் பதில் இல்லை.