‘பாசத்தில்தான் பார்க்கிறேன்’ என்கிறார்

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் ஐ.டி. வேலை. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. உடன் வேலை பார்ப்பவர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்து ஒருமுறை கணவர் முகம் வாடினார். அவர் மனம் நோகக் கூடாதே என்று நானே போனைத் திறந்து காட்டினேன். இப்போது தினமும் ராத்திரி வாங்கிப் பார்க்கிறார். கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகச் சொன்னார், விலகிவிட்டேன். அதில் ஆண்களே கிடையாது. ஒருநாள் போனைத் தர மறுத்தேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. என் அம்மாவைக் கூப்பிட்டு, ‘உங்க பொண்ணு எதையோ மறைக்கிறா’ என்றார். இப்போதெல்லாம் வீடு திரும்பும்போது பஸ்சிலேயே மெசேஜ்களை அழித்துவிடுகிறேன். அவர் கை ஓங்கியதே இல்லை. இது வெறும் பொசசிவ்னஸ்தானா, மேடம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்து அவர் முகம் வாடியது பொறாமை. அது யாருக்கும் வரும். ‘அவர் யார், எனக்கு ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்பார்கள், பதில் கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடுவார்கள். ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. அது தவறுதான், ஆனால் பேசித் தீர்க்க முடிந்த தவறு.

உங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நடந்தது வேறு. நீங்கள் போனைக் காட்டியதும் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். அது தினசரி வழக்கமாக மாறியது. பிறகு தோழிகள் போனார்கள். ஆண்களே இல்லாத குழுவைப் பார்த்து எதற்குப் பொறாமை? உங்களிடம் மனம்விட்டுப் பேச இருந்தவர்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை விட்டுக்கொடுத்த பிறகும் அடுத்த நிபந்தனை வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் ‘முடியாது’ என்றபோது என்ன நடந்தது என்பது. பொறாமைப்படுகிறவர் வருத்தப்படுவார், சண்டைகூடப் போடுவார். மறுநாள் காப்பி கொடுக்கும்போது பேச்சு வந்துவிடும். உங்கள் கணவர் தண்டனை கொடுத்திருக்கிறார். நான்கு நாள் மௌனம், கூடவே அம்மா முன்னால் தலைகுனிவு. இனி மறுக்கக் கூடாது என்ற பாடம் உங்களுக்குள் இறங்கிவிட்டது. அதனால்தான் பஸ்சில் மெசேஜ் அழிக்கிறீர்கள். அழிப்பவற்றில் தப்பானது எதுவும் இல்லை என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் கை நடுங்குகிறது. அந்தப் பயம் இருக்கும் இடத்தில் இதைப் பொசசிவ்னஸ் என்று சொல்ல என்னால் முடியாது. இது கட்டுப்படுத்துதல்.

கணவனும் மனைவியும் ஒருவர் பாஸ்வேர்டை ஒருவர் தெரிந்துவைத்திருப்பது தப்பில்லை. அவருடைய போனை அப்படி நீங்கள் வாங்கிப் பார்க்க முடியுமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

‘கை ஓங்கியதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடி விழுந்தால்தான் வன்முறை என்று நம் சட்டம் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வார்த்தையாலும் மனரீதியாகவும் செய்யும் துன்புறுத்தலும் அடங்கும். அதன் 2006 விதிகளோடு உள்ள படிவத்தில், குறிப்பிட்ட ஒருவரைச் சந்திக்கவிடாமல் தடுப்பதும் பட்டியலில் இருக்கிறது. இதற்குப் போலீஸ் புகார்தான் முதல் படி என்றில்லை. பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். அவரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்துச் சந்திக்கலாம். பேசினாலே வழக்கு ஆகிவிடாது. வழக்கா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பயம் இருக்கும்போது ஆலோசகர் அறையில் உண்மை வராது. அங்கே நீங்கள் சொன்னதற்கு வீட்டில் விசாரணை நடக்கும். முதலில் நீங்கள் மட்டும் தனியாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள். தன் நடத்தையை உங்கள் கணவரே பிரச்சினையாக உணர்ந்து, தனியாக உதவி தேடிப் போய், நீங்கள் மறுத்தாலும் தண்டிக்காமல் மாதக்கணக்கில் இருந்தால், அதன்பிறகு சேர்ந்து போவது பற்றி யோசிக்கலாம்.

போன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் Linked devices என்ற இடத்தில், உங்கள் கணக்கு வேறு கணினியிலோ போனிலோ திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் Location sharing என்பதையும் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் உடனே துண்டித்துவிட வேண்டாம். துண்டித்தது அவருக்குத் தெரியவரும், கோபம் அதிகமாகலாம். முதலில் உங்களுக்குத் துணையாக ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அம்மாவிடம் அவர் தன் கதையைச் சொல்லிவிட்டார், உங்கள் பக்கத்தை அம்மா இன்னும் கேட்கவில்லை. நேரில் போய்ச் சொல்லுங்கள். விலகிய குழுவிலிருந்து ஒரே ஒரு தோழியை அலுவலக நேரத்தில் சந்தியுங்கள்.

மிரட்டல், வெளியே போகவிடாமல் கதவைப் பூட்டுவது, கழுத்தில் கை வைப்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181 எந்த நேரமும் இயங்கும். உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனை கேட்க 181-ஐ அழைப்பதாக இருந்தால் உங்கள் போனில் வேண்டாம், அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். அலுவலகத் தொலைபேசியிலோ அந்தத் தோழியின் போனிலோ பேசுங்கள்.