பில்லைப் பார்க்காத ரைடர்

கேள்வி: என் அண்ணன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. 10 லட்சம் ரூபாய் ஆயுள் பாலிசியோடு, 5 லட்சத்துக்குத் தீவிர நோய் ரைடரும் எடுத்திருக்கிறார். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். பில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ரைடரில் பைசா வராது என்கிறார் ஏஜென்ட். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாத இப்படி ஒரு ரைடரை யார் கண்டுபிடித்தது?
– ஒரு வாசகர், முத்தாண்டிக்குப்பம்

பதில்: கண்டுபிடித்தவர் ஒரு டாக்டர்தான். 1967 டிசம்பரில் கேப்டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி, மரியஸ் பர்னார்ட். அண்ணனின் குழுவில் அவரும் இருந்தார்.

நுரையீரல் புற்றுநோய்க்கு அவரிடம் அறுவை செய்துகொண்ட ஒரு பெண், இரண்டு வருடம் கழித்து மூச்சுவாங்கியபடி திரும்பி வந்தாராம். பிள்ளைகளை வளர்க்க வேறு வழியில்லாமல், அந்த நிலையிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். செத்தால் பணம் தரும் பாலிசி, பிழைத்துக்கிடக்கும் நோயாளிக்கு ஒன்றும் தருவதில்லையே என்று மரியஸ் யோசித்தார். 1983-ல் தென்னாப்பிரிக்காவின் க்ரூசேடர் லைஃப் நிறுவனம் அவர் யோசனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் என நான்கே நோய்கள். நோய் உறுதியானால் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அது வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் என்று நினைத்த பணம். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கட்டுவதற்கு என்று நினைத்தது அல்ல. நம் ஊரில் எல்.ஐ.சி. 1990-களில் கொண்டுவந்த ஆஷா தீப் பாலிசியும் இதே வழியில்தான் போனது.

பில்லைக் கட்டும் காப்பீடு வேறு கிளை. 1986-ல் நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளைமைத் தொடங்கின. 2016-ல் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கோடு போட்டது: ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பில்லைப் பார்த்துப் பணம் தரும் திட்டங்களை விற்கக் கூடாது. ஆக, உங்கள் அண்ணனின் ரைடர் பில்லைப் பார்க்கவே பார்க்காது. 2 லட்சமானாலும் 20 லட்சமானாலும் அதற்கு ஒன்றுதான். பாலிசியில் எழுதியிருக்கும் நோய் வந்ததா என்ற ஒரே கேள்விதான் அதற்கு உண்டு.

இனி ஸ்டென்ட் விஷயம். மரியஸ் திட்டம் வந்தபோது இதயத்துக்கு ஸ்டென்ட்டே கிடையாது. மனிதருக்கு முதலில் வைத்தது 1986-ல். இன்றைய பாலிசியிலும் பைபாஸ் என்றால் நெஞ்சைத் திறந்தோ சாவித்துளை முறையிலோ செய்த அறுவையாக இருக்க வேண்டும். அதில் ஆஞ்சியோபிளாஸ்டி சேராது என்று ஆணையத்தின் பொது வரையறையே சொல்கிறது. ஏஜென்ட் சொன்னது இதைத்தான்.

ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் பைபாஸ் கணக்கில் வராது, சரி. மாரடைப்புக்கு உண்டே! ஸ்டென்ட் வைக்குமுன் உங்கள் அண்ணனுக்கு வந்தது உண்மையான மாரடைப்பா, வெறும் ஆஞ்சைனா வலியா என்று பாருங்கள். வரையறை கேட்பது மூன்று: மாரடைப்புக்குரிய அறிகுறிகள், இ.சி.ஜி.யில் புதிய மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் போன்றவற்றின் உயர்வு. மூன்றும் இருந்தால், ஸ்டென்ட் வைத்திருந்தாலும் 5 லட்சத்தைக் கேட்கலாம். ட்ரோபோனின் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் ஏறியது என்றால் தள்ளிவிடுவார்கள். அதனால் அவசரப் பிரிவில் முதலில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் தேதியும் நேரமும்தான் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா’ என்று இருக்கிறதா, ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்று இருக்கிறதா? முதலாவது என்றால், பாலிசிப் பட்டியலில் ஆஞ்சியோபிளாஸ்டி தனியாக இல்லாவிட்டால், ஏஜென்ட் சொன்னதே முடிவு. இரண்டாவது என்றால் இன்றே மனு எழுதுங்கள்.

பாலிசி எடுத்த முதல் 90 நாளில் வந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் இல்லை. பல ரைடர்களில், நோய் உறுதியானபின் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் இருக்கும்.

கேள்வி: மெடிக்ளைமும் ரைடரும் இருந்தால் இரண்டிலும் வாங்கலாமா?
– இன்னொரு வாசகர், நெய்வேலி

பதில்: தாராளமாக. மெடிக்ளைம், செலவானதற்கு மேல் ஒரு ரூபாய் தராது. கையுறை, பஞ்சு போன்றவற்றைக் கழிக்கும். அறை வாடகை வரம்பைத் தாண்டியிருந்தால், பல பாலிசிகளில் டாக்டர் கட்டணத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பணமில்லாச் சிகிச்சை கிடைக்காமல் நீங்களே கட்டியிருந்தால், அசல் பில்களை அங்கே கொடுத்துவிடுங்கள். ரைடருக்கு நோய்க்கான சான்றுதான் தேவை. பில்லின் நகல் இருந்தாலே பெரும்பாலும் போதும்.

ஒரு தடவை முழுத் தொகையும் கொடுத்ததும் ரைடர் பொதுவாக முடிந்துவிடும். மெடிக்ளைமை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கொடுத்த தொகை ஆயுள் பாலிசியின் தொகையிலிருந்து கழியுமா, தனியா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். முந்தைய வாசகரின் அண்ணனுக்கு அது கழியும் வகை என்றால், 5 லட்சம் வாங்கியபின் மரணத் தொகை 5 லட்சம்தான் மிஞ்சும்.

இருவருக்கும் இன்னொன்று. இ.சி.ஜி. வரும் ரோஸ் நிறத் தாள் வெப்பத்தில் அச்சாவது. நாளடைவில் கோடு மங்கிவிடும். வாங்கிய அன்றே இரண்டு ஜெராக்ஸ் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கி வையுங்கள்.