அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை ஒளித்தால் ஆள் தங்குவாரா?

"அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைக் கண்ணில் படுகிற மாதிரி வைக்காதீர்கள். லிஸ்ட் கரைந்துவிடும்."

மொத்தமாக மெயில் அனுப்பும் நிறுவனங்களில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. மார்க்கெட்டிங் பிரிவில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த மெயிலில் அந்த லிங்க் வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், அலுவலக முகவரிக்கும் கீழே போய்விடும். தேடிப் பிடித்து அழுத்தினாலும் லாகின் கேட்கும், காரணம் கேட்கும், "உறுதியாகவா?" என்று இன்னொரு முறை கேட்கும். சில மாதம் கழித்து, "எங்கள் மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது, என்னவென்று பாருங்கள்" என்று அதே நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். இரண்டுக்கும் இடையில் உள்ள தொடர்பை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் இந்த முறை இதையே விரிவாக எழுதுகிறேன்.

போக நினைத்தவர் போய்விடுவார். எந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஸ்பேம் பொத்தானை யாரும் தேட வேண்டியதில்லை. ஜிமெயிலில் அது எப்போதும் ஒரே இடத்தில், மெயிலுக்கு மேலேயே இருக்கிறது. உங்கள் லிங்க் கிடைக்காதவர் அதைத்தான் அழுத்துவார். அன்சப்ஸ்கிரைப் செய்தால் விஷயம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் முடிந்துவிடும். ஸ்பேம் என்று அழுத்தினால் அது ஜிமெயிலிடம் உங்கள் மேல் கொடுத்த புகார். புகார் கொடுத்தவர் யார் என்று ஜிமெயில் உங்களிடம் சொல்லாது. யாஹூவில் பதிவு செய்துகொண்டால் புகார்த் தகவல் வரும்; ஜிமெயிலில் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் மொத்தச் சதவீதம்தான் தெரியும். ஆகவே புகார் கொடுத்தவரும் உங்கள் லிஸ்ட்டிலேயே இருக்கிறார். அடுத்த வாரம் அவருக்கு மறுபடி அனுப்புவீர்கள், அது இன்பாக்ஸில் விழுந்தால் அவர் மறுபடி புகார் கொடுப்பார்.

கணக்கைப் பாருங்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலை எட்டுகிறவர் மொத்த அனுப்புநர். துணை டொமைன்களில் அனுப்புவதும் சேர்த்தே எண்ணப்படும். ஒரு முறை அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் பிறகு குறைவாக அனுப்பினாலும் அந்த முத்திரை போகாது. இவர்களின் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தை ஒருபோதும் எட்டக் கூடாது என்கிறது ஜிமெயில்.

ஒரு துணிக்கடை 20,000 ஜிமெயில் முகவரிகளுக்குத் தீபாவளித் தள்ளுபடி மெயில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.1 சதவீதம் என்றால் 20 பேர். 0.3 சதவீதம் என்றால் 60 பேர். அந்த மெயிலைப் பார்த்து 150 பேருக்கு இனி வேண்டாம் என்று தோன்றுகிறது. வழி எளிதாக இருந்தால் 150 பேரும் விலகுவார்கள், மீதி 19,850 பேருக்கு அடுத்த மெயில் ஒழுங்காகப் போய்ச் சேரும். லிங்க்கை ஒளித்து வைத்ததால் அவர்களில் பாதிப்பேர், 75 பேர், ஸ்பேமை அழுத்தினால் விகிதம் 0.375 சதவீதம். எல்லைக் கோட்டைத் தாண்டியாயிற்று. இப்போது அடிபடுவது அந்த 75 பேருக்குப் போகும் மெயில் மட்டுமல்ல. ஆசையாகக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் போவதும் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும். அதே டொமைனிலிருந்து போகும் பில்லும் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும்கூடத் தப்பாது. விகிதம் 0.3க்கு மேல் இருக்கும்வரை, 'எங்கள் மெயிலைச் சரியாகச் சேர்த்துவிடுங்கள்' என்று ஜிமெயிலிடம் நிவாரணம் கேட்கவும் முடியாது. தொடர்ந்து 7 நாள் அதற்குக் கீழே இருந்து காட்டிய பிறகுதான் கேட்கலாம். 150 பேரைத் தக்கவைக்கப் போய் 19,850 பேரை இழப்பதை யாராவது லாபம் என்பார்களா?

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ஜிமெயில் இந்த விகிதத்தைக் கணக்கிடுவது இன்பாக்ஸில் விழுந்த மெயிலை வைத்து. ஏற்கெனவே ஸ்பேம் பெட்டியில் விழுந்ததை யாரும் மறுபடி ஸ்பேம் என்று அழுத்தப் போவதில்லை. அதனால் நிலைமை முற்றிய பிறகு புகார் விகிதம் குறைந்தது போலத் தெரியும். திறப்பு விகிதமும் கூடவே சரிந்திருந்தால் அது குணமானதற்கான அடையாளம் இல்லை. உங்கள் மெயிலை இன்பாக்ஸில் பார்ப்பவர்களே குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, எளிதான வழி என்பது எது? மெயிலின் அடியில் உள்ள லிங்க் ஒன்று. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் மெயிலின் ஹெடரில் இருப்பது. `List-Unsubscribe` என்ற ஹெடர் 1998இலேயே ஆர்.எஃப்.சி 2369இல் வந்துவிட்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பல நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள், மெயிலில் உள்ள லிங்க்குகளை எல்லாம் தானே ஒரு முறை திறந்து சோதிக்கும். திறந்ததுமே விலக்கிவிடும் லிங்க்காக இருந்தால், படிப்பவர் கை வைக்காமலே அவர் பெயர் நீங்கிவிடும். அதற்கு அஞ்சி எல்லோரும் 'உறுதி செய்' பக்கத்தை இடையில் வைத்தார்கள். மெயில் சேவைகளால் அந்தப் பக்கத்தைத் தாமாகக் கடக்க முடியவில்லை. 2017 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி 8058 இதற்கு வழி செய்தது. லிங்க்கைச் சும்மா திறந்தால் எதுவும் நடக்காது; போஸ்ட் முறையில், குறிப்பிட்ட ஒரு வரியோடு வந்தால்தான் விலக்க வேண்டும். ஹெடர் இப்படி இருக்கும்:

```
List-Unsubscribe: <https://mail.example.com/u/8f3kq2>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் `Unsubscribe` பொத்தானை அழுத்தினால், கூகுளின் சர்வர் அந்த முகவரிக்கு `List-Unsubscribe=One-Click` என்ற வரியைப் போஸ்ட் செய்யும். யார், எந்த லிஸ்ட் என்பதெல்லாம் லிங்க்கின் கடைசியில் உள்ள குறியீட்டிலேயே தெரிய வேண்டும். குக்கீ வராது, லாகின் இருக்காது, வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடவும் கூடாது. வந்த உடனே '200' என்று பதில் சொல்லி, பெயரை நீக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பயிற்சி நிறுவனத்தில் இரண்டு ஹெடரும் சரியாக இருந்தன, பொத்தானும் தெரிந்தது, மக்களும் அழுத்தினார்கள். ஆனாலும் மெயில் போய்க்கொண்டே இருந்தது, புகாரும் ஏறிக்கொண்டே இருந்தது. டெவலப்பர் அந்த லிங்க்கை பிரவுசரில் திறந்து காட்டி, வேலை செய்கிறதே என்று சாதித்தார். பிரவுசரில் திறப்பது கெட் முறை. சர்வர் லாக்கைத் திறந்தால் கூகுளிடமிருந்து வந்த போஸ்ட் ஒவ்வொன்றுக்கும் '403' என்று வரிசையாகப் பதில் போயிருந்தது. வெப் ஃபிரேம்வொர்க், படிவங்களுக்குக் கேட்கும் சி.எஸ்.ஆர்.எஃப் டோக்கனை இந்த முகவரியிலும் கேட்டிருக்கிறது. கூகுளிடம் அந்த டோக்கன் எப்படி இருக்கும்? அந்த ஒரு முகவரிக்கு மட்டும் டோக்கன் சோதனையை விலக்கியதும் பெயர்கள் நீங்கத் தொடங்கின. உங்கள் சர்வரைச் சோதிக்க ஒரு வரி போதும்:

```
curl -i -X POST -d "List-Unsubscribe=One-Click" https://mail.example.com/u/8f3kq2
```

உங்கள் சொந்த முகவரிக்கு வந்த மெயிலின் லிங்க்கைப் போட்டுப் பாருங்கள். 403 வந்தால் டோக்கனோ ஃபயர்வாலோ தடுக்கிறது. 302 வந்தால் லாகின் போன்ற வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. 200 வந்தாலும் லிஸ்ட்டில் பெயர் உண்மையிலேயே நீங்கியதா என்று பாருங்கள். பிறகு ஜிமெயிலில் `Show original` திறந்து, டிகிம் கையெழுத்தின் `h=` பட்டியலில் இந்த இரண்டு ஹெடரும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கையெழுத்துக்குள் வராத ஹெடரை நம்பக் கூடாது என்பது அதே ஆர்.எஃப்.சி.யின் விதி.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

ஹெடர் இருந்தால் அடியில் லிங்க் வேண்டாம் என்பது தவறு. ஜிமெயில் இரண்டையும் கேட்கிறது.

ஓ.டி.பி., பில் போன்றவற்றிலும் வைக்க வேண்டும் என்பதும் தவறு. விதி விளம்பர மெயிலுக்கும் சந்தா மெயிலுக்கும்தான். ஆனால் பில்லுக்குள் தள்ளுபடி விளம்பரத்தைத் திணித்துவிட்டு அது பில்தான் என்று வாதாடாதீர்கள். படிப்பவருக்கு விளம்பரமாகத் தெரிந்தால் புகார் வரும்.

பெயரை நீக்க 10 நாள் அவகாசம் உண்டு என்பது அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் தரும் 10 வேலைநாள் கணக்கு. ஜிமெயில் தருவது 2 நாள். இன்பாக்ஸ் யாருடையதோ அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால் நம் முகவரி உயிரோடிருப்பது தெரிந்து இன்னும் ஸ்பேம் வரும் என்று வாசகர்கள் பலர் பயப்படுகிறார்கள். முன்பின் தெரியாத மோசடி மெயிலில் உள்ள லிங்க்கைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானது. அதற்கு ஸ்பேம் பொத்தான்தான் சரி. நீங்கள் பொருள் வாங்கிய கடைக்கு ஜிமெயிலின் பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம். ஒரே சொடுக்கு முறையில் போஸ்ட் செய்வது கூகுளின் சர்வர். உங்கள் பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்காது.

இவ்வளவு புகார் ஏன் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பில் போடும் இடத்தில் "மெயில் ஐ.டி. சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கும் முகவரிகளை அப்படியே விளம்பர லிஸ்ட்டில் சேர்க்கிறார்கள். அவர் பில்லுக்காகக் கொடுத்தார், விளம்பரத்துக்காக அல்ல. அவசரத்தில் தவறாகத் தட்டப்பட்ட முகவரி யாரோ ஒருவருக்குப் போகிறது. உங்கள் கடைப் பெயரையே அறியாத அவர் முதல் மெயிலிலேயே ஸ்பேமை அழுத்துகிறார். லிஸ்ட்டில் சேர்க்கும் முன் "ஆம், அனுப்புங்கள்" என்று அழுத்தச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். அழுத்தியவரை மட்டும் சேருங்கள். லிஸ்ட் சிறியதாகும் என்று மார்க்கெட்டிங் பிரிவு கத்தும். கத்தட்டும். கேட்டுச் சேர்ந்தவர்கள் ஐயாயிரம் பேர், கேட்காமல் சேர்க்கப்பட்ட ஐம்பதாயிரம் பேரைவிட உங்களுக்குப் பயன்படுவார்கள் என்று எல்லா நிறுவனத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் மேலே உள்ள அந்த ஒரு வரிச் சோதனையை உங்கள் டெவலப்பரை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். பெயர் நீங்கவில்லை என்றால், சரிசெய்யும்வரை அந்த மெயிலை அனுப்பாதீர்கள்.