31 கேட்டால் 60 வருவது ஏன்?

கேள்வி: எங்கள் பல்பொருள் அங்காடியில் கொள்முதல் பட்டியலை மென்பொருளே தயாரிக்கிறது. சாஸ் பாட்டில் 50 என்று ஆர்டர் போட்டது. சப்ளையர் முடியாது என்கிறார். தவறு எங்கே?

பதில்: கணக்கின் வரிசையில். உங்கள் இலக்கு இருப்பு 40, கையில் 9 என்று வைத்துக்கொள்வோம், தேவை 31. சப்ளையரின் குறைந்தபட்ச ஆர்டர் 50, ஒரு பெட்டிக்கு 12 பாட்டில். மென்பொருள் 31-ஐ முதலில் பெட்டிக் கணக்கில் 36 ஆக்கி, பிறகு குறைந்தபட்சத்துக்காக 50 ஆக்கியிருக்கும். ஐம்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதி வருகிறதே, பெட்டியை உடைத்தா அனுப்புவார்? முதலில் குறைந்தபட்சத்துக்கு ஏற்றி, கடைசியில்தான் பெட்டிக்கு முழுமையாக்க வேண்டும். அப்போது 60, அதாவது 5 பெட்டி. எக்செல்லில் தேவை, குறைந்தபட்சம், பெட்டி அளவு மூன்றும் B2, C2, D2-இல் இருந்தால்:

```
=IF(B2<=0,0,CEILING(MAX(B2,C2),D2))
```

அந்த `IF` இல்லாவிட்டால் தேவையே இல்லாத சரக்குக்கும் 60 போட்டுவிடும். ஏற்கெனவே ஆர்டர் போட்டு வந்து சேராததையும் தேவையிலிருந்து கழியுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இன்னொரு சோதனையும் வேண்டும். தினம் 2 பாட்டில் விற்றால் 60 என்பது ஒரு மாதச் சரக்கு, கவலையில்லை. மாதம் 3 மட்டுமே விற்றால் 20 மாதம் கிடக்கும், அதற்குள் காலாவதியாகிவிடலாம். பட்டியலில் அத்தகைய வரிகளைத் தானாக அனுப்பவிடாமல் நிறுத்தி வையுங்கள். பாட்டிலுக்குச் சில ரூபாய் கூடினாலும் அந்தச் சரக்குகளை மொத்தக் கடையில் சில்லறையாக வாங்குவதே லாபம்.