கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும்

எட்டாம் வகுப்புக் கடிதப் பயிற்சியில் நான் ஒரு சிறு சோதனை வைத்திருக்கிறேன். கடிதத்தின் நடுப்பகுதியை மடித்து மறைத்துவிட்டு, முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படிக்கச் சொல்வேன். யாருக்கு, எதற்காக எழுதியது என்று கேட்பவர்க்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவை எல்லாக் கடிதத்துக்கும் பொருந்தும் வாய்பாட்டு வரிகள்.

கிளை நூலகத்திற்கு மீண்டும் வர அனுமதி கேட்டு நூலகருக்கு எழுதும் கடிதத்தைப் பாருங்கள். வழக்கமான தொடக்கம் இது: "நான் மேற்கண்ட பள்ளியில் எட்டாம் வகுப்பு பயின்று வருகிறேன். தங்கள் நூலகம் சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது."

பள்ளியும் வகுப்பும் அனுப்புநர் பகுதியிலேயே உள்ளன. பாராட்டு எந்த நூலகத்துக்கும் பொருந்தும். எனவே, "நூலகர் உங்களுக்கு என்ன செய்தார்?" என்று மாணவர்களைக் கேட்டேன். அவர்கள் சொன்ன விடையே தொடக்கமாயிற்று:

"சென்ற சனிக்கிழமை நாங்கள் வந்தபோது சிறுவர் நூல்களைத் தனியே எடுத்து மேசையில் வைத்துத் தந்தீர்கள். அன்று பாதியில் விட்ட கதைகளைப் படித்து முடிக்க மீண்டும் வர விரும்புகிறோம்."

முடிவில், "ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இல்லை. அதை இப்படி மாற்றினோம்:

"எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று எங்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும். படித்த நூல்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம்."

கீழே, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்பதற்குப் பதிலாக, "அன்புடன், எட்டாம் வகுப்பு மாணவர்கள்" என்று முடித்தோம்.

அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். அலுவலகத்தில் கடிதத்தைப் பதிவு செய்யவும் உரியவரிடம் சேர்க்கவும் அவை தேவை. தேர்வில் அவற்றுக்கு மதிப்பெண்ணும் உண்டு. "ஐயா, வணக்கம்" என்ற விளியும் அப்படியே இருக்கலாம்.

வாய்பாட்டை நீக்கும்போது இரண்டு தவறுகள் வருகின்றன. ஒன்று, மிகைப் புகழ்ச்சி. "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி" என்பதும் வாய்பாடுதான். மற்றொன்று, மரியாதைச் சொல் தடுமாறுவது. ஒரு வரியில் "தாங்கள்", அடுத்த வரியில் "உங்கள்" என்று எழுதுவார்கள். "நீங்கள், உங்கள்" அல்லது "தாங்கள், தங்கள்" என ஏதேனும் ஓர் இணையைக் கடிதம் முழுவதும் பின்பற்றச் சொல்லுங்கள்.

முன்பின் அறியாத அலுவலருக்கு எழுதும்போது நினைவுகூர எதுவும் இராது. அங்கே உறவை வலிந்து காட்ட வேண்டியதில்லை. "எங்கள் பள்ளி வாசல் தெருவிளக்கு பத்து நாளாக எரியவில்லை, மாலை வகுப்பு முடிந்து இருட்டில் நடந்து போகிறோம்" என்று செய்தியிலேயே தொடங்கலாம். படிப்பவருக்கு அந்தத் தெரு கண்முன் தெரியும். கனிவு அதிலேயே வந்துவிடும்.