தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சிவில் டிப்ளமோ மாணவர்கள் மணலில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு குவாரி டஸ்ட் கலந்து கியூப் போட்டிருக்கிறார்கள். வேலை சுத்தம், அறிக்கை மோசம், எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நகலை முழுக்கப் படித்தேன்.

முதல் இரண்டு அத்தியாயங்களில் ஆங்கிலம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. எந்த ஊர் ப்ராஜெக்டிலும் ஒட்டிவிடக்கூடிய பக்கங்கள் அவை. சோதனை அத்தியாயத்துக்கு வந்ததும் வாக்கியம் உடைகிறது. அதுதான் பிள்ளைகள் தாங்களே எழுதியது என்பதால் எனக்கு அந்த அத்தியாயத்தின் மேல்தான் மரியாதை. அங்கே இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். இதைப் படித்து இன்னொருவர் அதே கியூபைப் போட முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

முடியாது. ‘தேவையான அளவு தண்ணீர் சேர்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். குவாரி டஸ்டில் நுண்தூள் அதிகம். அது தண்ணீரை இழுக்கும், கலவை இறுகும். கலக்குபவர் கை தானாக இன்னும் கொஞ்சம் ஊற்றும். அப்படி ஊற்றியிருந்தால் இரண்டு கலவைக்கும் தண்ணீர்–சிமெண்ட் விகிதமே வேறு, ஒப்பீடு நிற்காது. அந்த ஒரு வரி எழுத்தின் குறையா, வேலையின் குறையா என்று தாளை வைத்துச் சொல்ல முடியாது. வைவாவில் கேளுங்கள். “தண்ணீரைக் கூட்டவில்லை சார், ஸ்லம்ப் இறங்கிவிட்டது, அதனால் வைப்ரேட்டரில் கூடுதல் நேரம் வைத்தோம்” என்று ஒரு மாணவர் சொன்னால், வேலை தெரிந்தவர் பதில் அது. செய்முறை மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுங்கள். அதை எழுதாமல் விட்டதற்கு அறிக்கைப் பகுதியில் மட்டும் குறையுங்கள். ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் வெட்டுவது நியாயமில்லை.

அடுத்தது முடிவுரை. ‘வலிமை பெருமளவு உயர்ந்தது’ என்கிறார்கள். அப்சர்வேஷன் நோட்டில் 28 நாள் கியூப் உடைந்த சுமை இருக்கிறது: சாதாரணக் கலவை 585, 603, 594 கிலோநியூட்டன், குவாரி டஸ்ட் 612, 630, 639. 150 மி.மீ. கியூபின் பரப்பு 22,500 சதுர மி.மீ. வகுத்தால் சராசரி சதுர மி.மீ.க்கு 26.4, 27.9 நியூட்டன். வித்தியாசம் ஆறு சதவீதம்கூட இல்லை. ஒரே கலவையின் மூன்று கியூபுக்குள்ளேயே சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை இந்தியத் தரநிலை ஏற்கிறது. கலவைக்கு மூன்றே கியூப் வைத்துக்கொண்டு ‘உயர்ந்தது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ‘வலிமை குறையவில்லை’ எனலாம். எம்20 கலவைக்கு அதுவே நல்ல முடிவு, மணல் விற்கிற விலைக்குப் பயனுள்ள முடிவும்கூட.

முடிவுரையின் இந்த மிகைப்படுத்தலை மொழிக் குறையோடு சேர்க்காதீர்கள். நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் இதற்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

வைவாவுக்கு நாள் இருக்கிறது என்கிறீர்கள். அறிக்கை முழுவதையும் திருப்பி எழுதச் சொல்லாதீர்கள். ஆறு கியூபின் சுமையும் தண்ணீர் அளவும் ஸ்லம்பும் ஒரே அட்டவணையில் வரட்டும், முடிவுரை திருந்தட்டும். நோட்டை அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்